பன்னிரண்டு கோடு போட்ட அளவுக்கட்டை

அரையங்குலம் என்ற பெயரை அண்ணி முதன்முதலில் கேட்டது, அவள் கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில். முன்பக்கம் குழாய்க் கடை, பின்பக்கம் வீடு. நடுவில் ஒரே ஒரு கதவு. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் புதுப்பெண்ணாக உட்கார்ந்திருந்தவளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "இது நம்மளால ஆகாதுப்பா. அரையங்குலத்தக் கூப்பிடு."

ஏதோ ஒரு கருவி என்று அண்ணி நினைத்தாள். ஸ்பேனர் மாதிரி, அரம் மாதிரி. சற்று நேரத்தில் இவளைத் தாண்டிக்கொண்டு பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு கடைக்குள் போனாள். அவளுடைய நாத்தனார்தான். நேற்று மேடையில் தலை குனிந்து பக்கத்தில் நின்றவள், இன்று இரும்புக் குழாயை வைஸ் என்ற இறுக்குப் பிடியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இவளுக்கு ஏன் அப்படி ஒரு பேரு?" என்று அன்றைக்கே புருஷனிடம் கேட்டாள்.

"எந்தக் குழாய வெட்டினாலும் சொன்ன அளவுக்கு மேல அரையங்குலம் விட்டுத்தான் வெட்டுவா. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அரத்தால ராவிச் சரி பண்ணுவா. அப்பா எவ்வளவோ திட்டிப் பாத்துட்டாரு. கேக்க மாட்டா."

"ஏனாம்?"

"நீளமா இருந்தா குறைக்கலாம், குறைஞ்சு போனா நீட்ட முடியாதுங்கறா. அவ சொல்றதும் சரிதான். ஆனா அத அவகிட்ட சொல்லிடாத."

அந்த வீட்டில் யார் யாருக்கு என்ன உறவு என்பதெல்லாம் அண்ணிக்கு ஒரு வருஷத்தில் மனப்பாடமாகிவிட்டது. மாமனாருக்கு மூன்று தம்பிகள். அதில் கடைசித் தம்பி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கழுத்தில் சங்கிலியும் கையில் கடிகாரமுமாக ஊர் சுற்றியே காலத்தைக் கழித்தவர். மாமியாரின் அக்கா மகள்கள் நான்கு பேர். அந்த நான்கு பேரும் படித்தவர்கள். விருந்து, விசேஷம் என்று கூடும்போதெல்லாம் அரையங்குலத்தைப் பார்த்து, "ஐயோ பாவம், அஞ்சாவதோட நின்னுட்டாளே" என்று நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள்.

அஞ்சாவதோடு நின்ற கதையையும் அண்ணி கேட்டறிந்தாள். தெருமுனைப் பள்ளிக்கூடம்தான். கணக்கு வகுப்பில் பின்னம் போட்டுக்கொண்டிருந்தபோது, அன்றைய வாத்தியார் எல்லார் முன்னாலும் அவளை எழுப்பி நிறுத்தி, "இந்த மண்டைக்குள்ள எண்ணு ஏறாது, உங்கப்பனுக்குக் குழாய் தூக்கத்தான் நீ லாயக்கு" என்றாராம். அன்று மதியமே புத்தகப் பையைக் கொண்டுவந்து கடை மேஜையில் வைத்துவிட்டு, "எந்தக் குழாயத் தூக்கணும்?" என்று அப்பாவிடம் கேட்டாளாம். அதற்கப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்து வாசலை அவள் மிதிக்கவில்லை. சுற்றிக்கொண்டு பின்தெரு வழியாகத்தான் போவாள், வருவாள்.

மாமனார் போய்ச் சேர்ந்த பிறகு கடையை அண்ணனும் தங்கையுமாக நடத்துவது என்றாயிற்று. அண்ணன் கல்லாவில், தங்கை பட்டறையில். அவளுக்கு வாய்த்தவரும் நல்ல மனுஷன், லாரி ஓட்டுபவர், மாதத்தில் பாதி நாள் ரோட்டில். அதனால் அரையங்குலம் பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். அண்ணிக்கும் அவளுக்கும் ஒரே அடுப்பு. சண்டை வராமல் இல்லை. வந்தால் சமையலறைக்குள்ளேயே முடிந்துவிடும்.

அவளுக்கு நாற்பது வயதிருக்கும்போதுதான் பாட்டு டீச்சர் கடைக்கு வந்தாள்.

தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்தவள். ஒல்லியான உடம்பு, பெரிய கைப்பை. அலுமினியக் குழாய் துண்டுகள் வேண்டும் என்றாள். விளையாட்டு மைதானத்துச் சுவரோரம் எட்டுக் குழாய்களைக் கயிற்றில் தொங்கவிட்டு, பிள்ளைகள் மரச்சுத்தியலால் தட்டினால் டோ, ரே, மி, ஃபா, ஸோ, லா, டீ, டோ என்று வர வேண்டும் என்பது அவள் ஆசை. ஸ்வரம் ஏறிப் போகும் ஏணி மாதிரி. அதற்குப் பெயர் மேஜர் ஸ்கேல்.

"யார் செய்யப் போறாங்க?" என்று அரையங்குலம் கேட்டாள்.

"அதான் தெரியல. துண்டு கிடைச்சா யாரையாவது புடிக்கலாம்னு."

"வெட்டறது, ஓட்டை போடறது, தொங்க விடறது. இவ்வளவுதானே? நானே செஞ்சு தர்றேன்."

கல்லாவிலிருந்த அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தார். "ஏய், நமக்குத் தண்ணி வந்தாப் போதும். பாட்டெல்லாம் எதுக்கு?"

"குழாய்ல தண்ணி வந்தா என்ன, பாட்டு வந்தா என்ன. வெட்டறது நான்தானே?"

எந்தப் பள்ளிக்கூடம் என்று டீச்சர் சொன்னதும் அரையங்குலத்தின் முகம் ஒரு கணம் மாறியதை அண்ணி மட்டும் பார்த்தாள். ஆனால் வாயிலிருந்து வந்த வார்த்தையை அவள் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

டீச்சர் தன் சின்ன கீபோர்டைக் கொண்டுவந்து, அடியிலுள்ள டோவையும் அதற்கு எட்டாவதாக மேலே வரும் டோவையும் வாசித்துக் காட்டினாள். அரையங்குலம் குழாயை இரண்டு ரப்பர் துண்டுகள் மேல் படுக்க வைத்துத் தட்டினாள், நறுக்கினாள், ராவினாள், மறுபடி தட்டினாள். குழாய் நீளமாக இருந்தால் ஒலி கனமாக, கீழே. குட்டையானால் ஒலி மெலிந்து மேலே ஏறும். அது அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை; முப்பது வருஷமாகக் குழாய் விழும் சத்தத்தில்தானே வாழ்கிறாள். கீழ் டோவுக்கு நாற்பது சென்டிமீட்டர். மேல் டோவுக்கு இருபத்தெட்டேகாலும் ஒரு மயிரிழையும்.

"நடுவுல ஆறு இருக்கு" என்று டீச்சர் ஆரம்பித்தாள். அதற்குள் பரீட்சை வேலைக்கு வேறு ஊருக்குப் போகச் சொல்லி அவளுக்கு அழைப்பு வந்துவிட்டது. கீபோர்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இங்கேதான் அரையங்குலம் தப்புச் செய்தாள். அந்தத் தப்பையும் குழாய் வேலைக்காரர்கள் மட்டும்தான் செய்வார்கள். ஏணிக்கு மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் தெரிந்துவிட்டால் நடுக்கம்பிகளை எப்படிப் போடுவார்கள்? இருக்கிற தூரத்தைச் சமமாகப் பங்கு போடுவார்கள். அவளும் அப்படியே போட்டாள். நாற்பதுக்கும் இருபத்தெட்டேகாலுக்கும் நடுவில் உள்ள தூரத்தை ஏழு பங்காக்கினாள். ஒரு பங்கு ஒன்றே முக்கால் சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு குழாயும் முந்தியதைவிட அந்த அளவு குட்டை. பளபளவென்று தேய்த்து, நீளத்தில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான இடத்தில் ஓட்டை போட்டு, கயிறு கோத்து, திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டினாள். முப்பது வருஷம் கழித்து அந்த வாசலை மிதித்தாள். அண்ணியும் கூடப் போனாள், கயிற்றுப் பந்தைத் தூக்கிக்கொண்டு.

பார்க்க அவ்வளவு அழகு. எட்டுக் குழாயின் அடிமுனையும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி சாய்வாக ஏறிப் போயிற்று.

ஹெச்.எம். வந்தார். அவர் வேறு யாருமில்லை. அஞ்சாவதில் அவளோடு படித்தவர்தான், முதல் பெஞ்சு. பின்னம் சரியாகப் போட்டு வாத்தியாரிடம் சபாஷ் வாங்கியவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசுவார், அவ்வளவுதான்.

பரீட்சை வேலை முடித்து நேராக வந்திருந்த டீச்சர் மரச்சுத்தியலை எடுத்து வரிசையாகத் தட்டினாள். முதல் குழாய் சரியாக ஒலித்தது. இரண்டாவதில் அவள் புருவம் சுருங்கியது. மூன்றாவதில் கை தயங்கியது. எட்டு வரைக்கும் போனாள். மறுபடி தட்டினாள்.

"என்னம்மா இது, யாரோ அழுவற மாதிரி இருக்கு" என்றார் ஹெச்.எம்.

"முதலும் கடைசியும் சரியா இருக்கு சார்" என்றாள் டீச்சர், மெதுவாக. "நடுவுல ஆறும் சரியில்ல."

ஹெச்.எம். தொண்டையைக் கனைத்தார். "வெள்ளிக்கிழமை பெற்றோர் எல்லாம் வர்றாங்க. பிள்ளைங்க காதுல தப்பான ஸ்வரம் விழுந்தா அதுவே பதிஞ்சுடும். ரெடிமேடா விக்கறாங்களாமே, அதையே வாங்கி மாட்டிடலாம்." அப்புறம், ஆறுதல் சொல்வதாக நினைத்து, "நீ வருத்தப்படாத. இதுக்கெல்லாம் கணக்கு வேணும். அது உனக்கு..." என்று இழுத்து நிறுத்தினார்.

அந்த இழுப்பில் முப்பது வருஷம் இருந்தது. அண்ணிக்குக் கயிற்றுப் பந்தைத் தூக்கி அவர் மேல் போடலாமா என்று தோன்றியது.

அரையங்குலம் சத்தம் போடவில்லை. "வெள்ளிக்கிழமை காலைல பெத்தவங்க வர்றதுக்கு முன்னாடி வந்து கேளுங்க சார். அப்பவும் அழுதா நானே கழட்டி எடுத்துக்கிட்டுப் போயிடறேன். மறுபடி இந்த வாசலுக்கு வர மாட்டேன்."

எட்டுக் குழாயையும் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். முன்தெரு வழியாகவே வந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் டீச்சர் கீபோர்டோடு வந்தாள். பட்டறை மேஜையில் அதை வைத்தாள். அண்ணி முறத்தோடு கதவோரம் உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்தவள் முறத்தை மறந்துவிட்டாள்.

"வெள்ளைக் கட்டையப் பாருங்க. டோவுல இருந்து டோ வரைக்கும் எட்டு. நடுவுல கறுப்பு எத்தனை?"

"அஞ்சு."

"எல்லா வெள்ளைக்கும் நடுவுல கறுப்பு இருக்கா?"

அரையங்குலம் விரலால் தடவிப் பார்த்தாள். "இல்ல. மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல இல்ல. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுலயும் இல்ல."

"அங்கதான் விஷயமே இருக்கு. வெள்ளையோ கறுப்போ, ஒரு கட்டைல இருந்து ஒட்டினாப்புல இருக்கற அடுத்த கட்டைக்குப் போனா அது அரைப்படி. நடுவுல ஒரு கட்டைய விட்டுத் தாண்டிப் போனா முழுப்படி. ரெண்டு அரைப்படி சேந்தா ஒரு முழுப்படி."

"அரிசியா அளக்கறீங்க?" என்றாள் அண்ணி கதவோரத்திலிருந்து.

"அரிசி மாதிரிதான் அக்கா. டோவுல இருந்து ரேக்கு நடுவுல ஒரு கறுப்பு. அது முழுப்படி. ரேல இருந்து மி, அதுவும் முழு. மில இருந்து ஃபா, நடுவுல ஒண்ணுமில்ல. அரை. ஃபால இருந்து ஸோ முழு, ஸோல இருந்து லா முழு, லால இருந்து டீ முழு, டீல இருந்து டோ அரை. முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை. இதுதான் மேஜர். எந்தக் கட்டைல ஆரம்பிச்சாலும் இதே வரிசைல படியேறினா மேஜர்தான் வரும்."

அரையங்குலம் கீபோர்டையே பார்த்தாள். காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜையில் தட்டிக்கொண்டிருந்தாள். "அப்ப இந்த ஏணில கம்பியெல்லாம் ஒரே தூரத்துல இல்ல. ரெண்டு எடத்துல மட்டும் நெருக்கமா இருக்கு. நான் எல்லாத்தையும் ஒரே மாதிரி போட்டுட்டேன்."

"அதேதான்."

"அஞ்சு முழு, ரெண்டு அரை. மொத்தம் பன்னெண்டு அரை." அவள் விரல் விட்டுக்கூட எண்ணவில்லை. "அப்ப மொதல்ல பன்னெண்டு அரைப்படியும் குழாய்ல எங்கெங்க வருதுன்னு தெரியணும். அது தெரிஞ்சா அப்புறம் நீங்க எந்த ஏணி கேட்டாலும் போட்டுடலாம்."

டீச்சர் சிரித்தாள். "ஒரு வருஷம் கிளாஸுக்கு வந்தவங்க இத இவ்வளவு சீக்கிரம் சொன்னதில்ல."

அப்போதுதான் டீச்சருக்கு ஒன்று தோன்றியது. பழைய எட்டுக் குழாயையும் ரப்பர் துண்டுகள் மேல் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் கீபோர்டில் எந்தக் கட்டைக்குப் பக்கத்தில் விழுகிறது என்று தேடினாள். இரண்டாவது குழாய் எந்தக் கட்டையிலும் உட்காரவில்லை. இரண்டு கட்டைக்கும் நடுவில் திண்டாடியது. நாலாவதும் ஐந்தாவதும் அப்படியே. ஆனால் மூன்றாவது, மிக்கு ஒட்டினாற்போலக் கீழே இருந்த கறுப்புக் கட்டையில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஏழாவது, டீக்குக் கீழே உள்ள கறுப்பில். ஆறாவது லாவுக்குக் கீழே உள்ள கறுப்பில் ஏறக்குறைய உட்கார்ந்து, ஒரு நூலளவு கீழே நின்றது. அந்த ஒன்றை மட்டும் அரையங்குலம் தன் பழக்கப்படி கொஞ்சம் நீளமாகவே விட்டு, ராவ மறந்திருந்தாள். அரத்தை இரண்டு இழுப்பு இழுத்ததும் அதுவும் உட்கார்ந்தது.

டீச்சர் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். "ஹெச்.எம். சார் சும்மா சொல்லல. இது அழுவத்தான் செய்யும். மூணு, ஆறு, ஏழு, இந்த மூணு மட்டும் அரைப்படி எறங்கினா அது மைனர்."

"மைனரா? எங்க சின்ன மாமனார் மாதிரியா?" என்றாள் அண்ணி. "கழுத்துல சங்கிலியப் போட்டுக்கிட்டு?"

அண்ணனுக்குக் கல்லாவில் இருப்புக் கொள்ளவில்லை, சிரித்துவிட்டார்.

"இது சங்கிலி போடாத மைனர் அக்கா. கொஞ்சம் ஏக்கமா, மனசத் தொடறாப்புல இருக்கும். அதுக்கு வரிசை வேற. முழு, அரை, முழு, முழு, அரை, முழு, முழு. மைனர்ல இன்னும் ரெண்டு தினுசு இருக்கு. இதுதான் இயல்பானது."

அரையங்குலம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். "இதுலயும் அஞ்சு முழு, ரெண்டு அரை. அதே பன்னெண்டு. அரை ரெண்டும் எடம் மாறிடுச்சு, அவ்வளவுதான்." பிறகு மெதுவாக, "எடம் மாறினதுக்கே அழுகை வந்துடுதா?" என்றாள்.

"வந்துடுது. மூணாவதுதான் முக்கியம். ரெண்டு முழுப்படி ஏறி மூணாவதுக்கு வந்தா மேஜர், சிரிக்கும். ஒண்ணரைப்படிலயே நின்னுட்டா மைனர், ஏங்கும்."

அன்று சாயங்காலத்துக்குள் கீபோர்டைக் கடையிலேயே விட்டுவிட்டு டீச்சர் போனாள். புதன்கிழமை முழுக்க அரையங்குலம் வேறு வேலை எடுக்கவில்லை. கிடங்கில் கிடந்த அதே அளவுக் குழாய்த் துண்டு ஒன்றைப் பலியாடாக எடுத்துக்கொண்டாள். கீழ் டோவுக்கு நாற்பது சென்டிமீட்டர். அங்கிருந்து ஆரம்பித்து, ராவி ராவி, ஒட்டினாற்போல் மேலே உள்ள கட்டையின் ஒலி வந்ததும் நிறுத்தி, குழாயின் நீளத்தை ஒரு மரச்சட்டத்தில் வைத்துக் கோடு கிழித்தாள். மறுபடி ராவினாள், அடுத்த கட்டை, அடுத்த கோடு. இப்படிப் பன்னிரண்டு தடவை. மேல் டோவுக்கு வந்தபோது பலியாட்டுக் குழாய் இருபத்தெட்டேகாலும் மயிரிழையுமாக இருந்தது. முதலில் வெட்டிய எட்டாவது குழாயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முனையோடு முனை ஒட்டியது. கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பாருங்க அண்ணி. ஆரம்பத்துல ஒரு அரைப்படிக்கு ஒரு சென்டிக்கு மேல குறையுது. கடைசில எட்டு மில்லிக்குக் கொஞ்சம் மேலதான். கோடு போகப் போக நெருங்குது."

"அதெப்படி? அரைப்படின்னா எல்லாம் ஒண்ணுதானே?"

"காதுக்கு ஒண்ணுதான். குழாய்க்கு இல்ல. கைல இருக்கற நீளத்துல நூத்துக்கு மூணு பங்குக்குக் கொஞ்சம் குறைச்சு எடுக்கணும் போல. குழாய் குட்டையாக ஆக, எடுக்கற பங்கும் குட்டையாகுது. அதுதான் என் ரெண்டாவது தப்பு. நான் சென்டிமீட்டரச் சமமாப் பிரிச்சேன். சமமா இருக்க வேண்டியது சென்டிமீட்டர் இல்ல."

பின்னம் ஏறாத மண்டை என்று எந்த வாய் சொல்லிற்றோ, அது இப்போது எங்கே இருக்கிறதோ என்று அண்ணி நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஒரு சிக்கல். பழைய குழாய்களில் நடுவிலுள்ள ஆறும் வேண்டியதைவிட நீளம்தான். எல்லாவற்றையும் ராவினாலே மேஜர் வந்துவிடும். அண்ணன் அதைத்தான் சொன்னார். "இருக்கறத நறுக்கி மாட்டிட்டு வா. மானம் தப்பிச்சாப் போதும்."

"ரெண்டு, நாலு, அஞ்சு, இத மட்டும் ராவறேன் அண்ணே. அது மேஜருக்கும் மைனருக்கும் பொது. மூணு, ஆறு, ஏழ நறுக்க மாட்டேன். அது மூணும் மைனருக்கு. மேஜருக்குப் புதுசா மூணு வெட்டறேன்."

"குழாய் எங்க இருக்கு? மீதி ஒரே ஒரு மீட்டர் துண்டு. அடுத்த சரக்கு வர பத்து நாள் ஆகும்."

"மூணும் சேத்து தொண்ணூத்தஞ்சரைதான் வேணும்."

"உன் அரையங்குலம்? மூணு துண்டுக்கு மூணு அரையங்குலம்?"

அவள் டேப்பை இழுத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் அங்குலம், ஒரு பக்கம் சென்டி. "மூணும் சேந்து மூணே முக்காலும் கொஞ்சமும். ரம்பத்துக்கு ரெண்டு வெட்டு, அது ஒரு கால் சென்டி... நூறுக்குள்ள அடங்கும். மூணு மில்லி மிச்சம்கூட இருக்கும்."

"ஒண்ணு கோணலாப் போச்சுன்னா?"

"போச்சுன்னா நீங்க சொன்ன மாதிரி பழசையே நறுக்கிடறேன். ஆனா நறுக்கினா பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஏணிதான். நறுக்காம விட்டா ரெண்டு. சிரிக்கறது ஒண்ணு, ஏங்கறது ஒண்ணு."

 அண்ணன் கல்லாவைப் பூட்டிவிட்டு வந்து, குழாயின் மறுமுனையை அவராகவே பிடித்துக்கொண்டார்.  அவர் பட்டறைக்குள் கை வைத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது.

வெட்டினாள். மூன்று துண்டும் நேராக வந்தன. கோடு கிழித்த மரச்சட்டம்தான் இப்போது அளவுக்கட்டை; அதில் வைத்து, இரண்டு முனையிலும் சமமாக ராவி, தட்டி, கீபோர்டோடு ஒத்துப் பார்த்து, மறுபடி ராவி, பொழுது சாய்வதற்குள் மூன்றையும் முடித்தாள். ஓட்டை போட்டுக் கயிற்றில் தூக்கிப் பிடித்து அண்ணி கையால் தட்டச் சொன்னாள். மி சிரித்தது. அதாவது, அண்ணிக்கு அப்படித்தான் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை. பெற்றோர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஹெச்.எம். வந்து நின்றார். டீச்சர் சுத்தியலை எடுத்தாள். வேண்டுமென்றே எடுத்து, அரையங்குலத்தின் கையில் கொடுத்தாள்.

அவள் எட்டையும் தட்டினாள். ஒவ்வொரு குழாயும் அடுத்ததைக் கைப்பிடித்துத் தூக்கி விடுவது போல ஏறிப் போயிற்று. எட்டாவது டோவில் வந்து, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய மாதிரி நின்றது. இந்தத் தடவை குழாய்களின் அடிமுனை ஸ்கேல் கோடு மாதிரி சாய்வாக இல்லை. இரண்டு இடத்தில் படி நெருங்கி இருந்தது. காதுக்கு அதுதான் சரி.

"அட" என்றார் ஹெச்.எம்.

அவள் மூன்று, ஆறு, ஏழு குழாய்களைக் கொக்கியிலிருந்து கழற்றி, பையிலிருந்து பழைய மூன்றை எடுத்து மாட்டினாள். மறுபடி தட்டினாள். மைதானத்து ஓரத்தில் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாகூடத் துடைப்பத்தை நிறுத்திவிட்டு நின்றாள்.

"இது... அன்னைக்குக் கேட்ட தப்பான குழாய்தானே?" என்றார் ஹெச்.எம்.

"மூணும் அதேதான் சார். தப்பு குழாய்ல இல்ல. கூட இருந்த மூணு அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம நின்னுச்சு. அதச் சரி பண்ணினேன். இது மைனர்."

"சும்மா டீச்சர் சொன்னதத் திருப்பிச் சொல்றியா?" கேலியாகத்தான் கேட்டார். ஆனாலும் கேட்டுவிட்டார். கடையிலிருந்து கொண்டுவந்து பக்கத்து மேஜை மேல் வைத்திருந்த கீபோர்டை இழுத்து, குத்துமதிப்பாக ஒரு வெள்ளைக் கட்டையில் விரலை வைத்தார். ரே. "எங்க, இங்கருந்து உன் மேஜர் ஏணியப் போடு பாப்போம்."

அவளுக்கு அந்த நிமிஷம் 'சார்' என்பது மறந்துபோயிற்று. "தள்ளுடா கைய" என்றாள், அஞ்சாவது படிக்கும்போது சொன்ன மாதிரி.

ஆள்காட்டி விரலை ரேயில் வைத்தாள். உதடு மட்டும் அசைந்தது. "முழு." மிக்கு வந்தாள். "முழு." ஃபாவைத் தாண்டி அதற்கு மேலே உள்ள கறுப்புக் கட்டை. "அரை." ஸோ. "முழு." லா. "முழு." டீ. "முழு." டோவைத் தாண்டி மறுபடி ஒரு கறுப்பு. "அரை." மேல் ரே. இரண்டு கறுப்புக் கட்டை, ஆறு வெள்ளை. ஒரு இடத்திலும் விரல் தயங்கவில்லை. காதுக்கு அதே சிரிப்பு. ஒரு படி மேலே ஏறி நின்று சிரித்தது, அவ்வளவுதான்.

ஹெச்.எம். டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையாட்டினாள்.

"அஞ்சு முழு, ரெண்டு அரை. மொத்தம் பன்னெண்டு" என்றாள் அரையங்குலம். "எங்க ஆரம்பிச்சாலும் பன்னெண்டுதான் சார். எண்ணிப் பாத்துக்கங்க."

அவர் உண்மையிலேயே எண்ணிப் பார்த்தார், விரல் விட்டு. முதல் பெஞ்சுக்காரர்தானே, சும்மா நம்பிவிடுவாரா. எண்ணி முடித்துவிட்டு, தொண்டையைக் கனைக்காமல், "உன் பேர என்னன்னு போடறது சுவத்துல? செஞ்சவங்க பேரு எழுதணும்" என்றார்.

அண்ணி குறுக்கே வந்தாள். "என்ன பேரு கேக்கறீங்க? எல்லாருக்கும் தெரிஞ்ச பேரையே போடுங்க."

அன்று வந்த பெற்றோர் கூட்டத்தில் மாமியாரின் அக்கா மகள்களில் இரண்டாமவளும் இருந்தாள். அவள் பேரன் அங்கேதான் படிக்கிறான். பிள்ளைகள் முதலில் ஒரு துள்ளல் பாட்டைத் தட்டினார்கள். அப்புறம் குழாயை மாற்றிவிட்டு, டீச்சர் தானே கட்டிய ஒரு சின்னத் தாலாட்டைத் தட்டினார்கள். தாலாட்டு முடிந்ததும் இரண்டாமவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரு செஞ்சது இது?" என்று அண்ணியிடம் கேட்டாள்.

"அஞ்சாவதோட நின்னுட்டாளே, பாவம், அவதான்" என்றாள் அண்ணி. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காகவே அவள் இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தாள் என்று சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு வேறு இரண்டு பள்ளிக்கூடங்கள் கேட்டு வந்தன. பிறகு ஒரு பூங்காக்காரர்கள் கேட்டு வந்தார்கள். எல்லாவற்றுக்கும் அதே அளவுக்கட்டையை எடுத்துத்தான் அளந்தாள். அடிக்கோட்டோடு சேர்த்து எண்ணினால் அதில் பதின்மூன்று கோடு. அவள் கணக்கில் பன்னிரண்டு, ஏனென்றால் அடிக்கோடு நிற்கிற இடம், ஏறுகிற படி இல்லை என்பாள்.

லாரிக்காரரும் ஓய்வெடுத்து வீட்டோடு வந்துவிட்டார். அரையங்குலத்துக்கு இப்போது அறுபத்தொன்று. அதே கடையில்தான் இருக்கிறாள். காலை எட்டரைக்குத் திறக்கிறாள், வியாழக்கிழமைகளில் மட்டும் மத்தியானம் சாத்திவிட்டு, முன்தெரு வழியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் குழாய்க் கயிறுகளைச் சரிபார்த்துவிட்டு வருகிறாள்.